அமெரிக்க விசா போட்டோவா, ஷெங்கன் போட்டோவா: ஒரே படம் இரண்டுக்கும் போதுமா?

இரண்டு விசாவுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பவர்கள், முதலில் அமெரிக்க அளவில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அதை வெட்டி ஷெங்கனுக்குக் கொடுக்கலாம். ஷெங்கன் படத்தை அமெரிக்க அளவுக்குக் கொண்டுவர வழியே இல்லை.

அமெரிக்கப் படம் 51 மி.மீ. சதுரம். தலையின் உயரம் 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கலாம். ஷெங்கன் படம் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம்; முகம் 32 முதல் 36 மி.மீ. ஆக, இரண்டுக்கும் பொதுவான இடம் 32 முதல் 35 வரை. ஸ்டூடியோக்காரரிடம் 33 என்று சொல்லுங்கள். ஏன் 35 வேண்டாம்? அமெரிக்க அளவில் தலைமுடியும் சேரும். ஷெங்கனில் மண்டையின் உச்சி வரைதான் கணக்கு. அடர்ந்த முடி உள்ளவருக்கு அந்த 2 மி.மீ. தேவைப்படும்.

இப்போது வெட்டிப் பார்ப்போம். சதுரப் படத்தில் மோவாய் அடிவிளிம்பிலிருந்து 15 மி.மீ. உயரத்திலும், உச்சி 48 மி.மீ. உயரத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 8 மி.மீ. வெட்டினால் அகலம் 35. உயரத்தில் குறைக்க வேண்டிய 6 மி.மீ.யையும் கீழிருந்தே எடுக்க வேண்டும். மேலே இருப்பதே 3 மி.மீ.தான், அங்கே கத்தரி வைத்தால் தலை போய்விடும்.

எதிர்த்திசையில் பாருங்கள். 35-ஐ 51 ஆக்கப் பக்கவாட்டில் படமே இல்லை. சிலர் 35-க்கு 45 படத்தைச் சதுரமாக இழுத்துவிடுவார்கள். முகம் கிட்டத்தட்ட 29 சதவீதம் அகன்றுவிடும். காதிலிருந்து காது வரை உள்ள அகலம் முகத்தின் உயரத்தை நெருங்கினால் படம் இழுக்கப்பட்டது என்று சந்தேகிக்கலாம். பின்னணியைக் கணினியில் ஒட்டி நீட்டுவதும் திருத்தம்தான், அதற்கும் நிராகரிப்பு வரும்.

கண்ணாடியில் இரண்டும் வேறுபடுகின்றன. அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் கண்ணாடியை ஏற்பதில்லை. மருத்துவர் கையெழுத்திட்ட சான்று இருந்தால்தான் விலக்கு. ஷெங்கனில் போடலாம், ஆனால் ஒளி தெறிக்கக் கூடாது, ஃபிரேம் கண்ணை மறைக்கக் கூடாது. கழற்றிவிட்டால் இரண்டு பக்கமும் வம்பில்லை.

பின்னணி அமெரிக்காவுக்கு வெள்ளை அல்லது மங்கல் வெள்ளை, ஷெங்கனுக்கு வெளிர்நிறம். மங்கல் வெள்ளை இரண்டுக்கும் ஒத்துவரும். அதன்முன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தால் தோள் சுவரில் கரைந்துவிடும். நரைமுடிக்கும் அதே சிக்கல் என்பதால் விளக்கைச் சற்றுக் குறைத்து, முடியின் ஓரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் காதுக்குப் பின்னால் நிழல் விழும். ஓரடி முன்னால் வந்தாலே மங்கும்.

அமெரிக்க இணைய விண்ணப்பத்துக்கு ஜேபெக் கோப்பு, 600 முதல் 1200 பிக்சல் சதுரம், 240 கேபிக்குள். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; கோப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் படம் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். போன விசாவில் ஒட்டிய படமே மறுபடி வந்தால் தேதி கேட்காமலே பிடிபடும்.