சந்தைச் சீட்டா, சூப்பர் மார்க்கெட் பில்லா? எட்டாம் வகுப்பு வரிக்கணக்கு

சதவீதமும் வரியும் நடத்த மூன்று வகை பில்லை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று நானே கரும்பலகையில் எழுதும் கற்பனை பில். இன்னொன்று களியக்காவிளைச் சந்தையில் வாழைக்காய் வியாபாரி கையால் கிறுக்கித் தரும் துண்டுச் சீட்டு. மூன்றாவது சூப்பர் மார்க்கெட்டில் அச்சாகி வரும் ஜிஎஸ்டி பில்.

கற்பனை பில்லில் எல்லோரும் பாஸ். தேங்காய் எண்ணெய் 200 ரூபாய், வரி 5 சதவீதம், ஆக 210. இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஹோட்டல் பில்லை விட்டால், மேலே வரி ஏறுவதை இந்தப் பிள்ளைகள் அதிகம் பார்ப்பதில்லை. பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பியில் வரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதனால் வீட்டுப்பாடத்துக்கு இந்தப் பில் சரி, பாடத்தை இதில் தொடங்காதீர்கள்.

உண்மையான பில்லைக் கொடுத்தால்தான் யாருக்கு எங்கே இடறுகிறது என்று தெரியும். போன மாதம் நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததில் மூன்று பொருள்தான்: தக்காளி 60, வரி இல்லை. தேங்காய் எண்ணெய் 210, வரி 5 சதவீதம். துணி துவைக்கும் பவுடர் 99, வரி 18 சதவீதம். மொத்தம் 369. வரிப் பகுதியை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டு, பவுடரில் அரசுக்குப் போனது எவ்வளவு என்று கேட்டேன். பாதி வகுப்பு 99-இல் 18 சதவீதம் கண்டுபிடித்து 17.82 என்றது.

தப்பு என்று நான் சொல்லவில்லை. 'அப்போ வரியைக் கழித்தால் விலை எவ்வளவு?' என்றேன். 81.18. 'சரி, அந்த 81.18-க்கு 18 சதவீதம் போட்டுக் கூட்டு.' 14.61 வந்தது, கூட்டினால் 95.79. 'சார், மூணு ரூபா இருபத்தோரு காசு எங்க போச்சு?' என்று கடைசி பெஞ்சுக்காரன் கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது. வரி இல்லாத விலையை 100 என்று வைத்தால் நாம் கொடுத்தது 118. ஆகவே 99 × 100 ÷ 118 = 83.90, வரி 15.10. ஒட்டிய தாளைக் கிழித்தால் பில்லிலும் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 7.55, மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 7.55 என்று அதேதான் இருக்கும்.

இதற்கு எண்ணெயை எடுக்காதீர்கள். நான் முதலில் அதைத்தான் எடுத்தேன். 210-இல் 5 சதவீதம் 10.50, சரியான விடை 10. வித்தியாசம் வெறும் ஐம்பது காசு என்பதால், 'ரவுண்ட் பண்ணியிருப்பாங்க சார்' என்று தப்பித்துக்கொண்டார்கள். 18 சதவீதப் பொருளில்தான் தப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் வரியே இல்லாத சந்தைச் சீட்டு எதற்கு? எதன் மேல் சதவீதம் என்பதைப் புரியவைக்க அதைவிட நல்லது இல்லை. ஏத்தன் வாழைக்காய் கிலோ 50 என்றார் வியாபாரி, பேரம் பேசி 40-க்கு வாங்கினோம், விலை 20 சதவீதம் குறைந்தது. மறுநாள் 40 மறுபடி 50 ஆனால் ஏறியது 25 சதவீதம். பத்து ரூபாய் அதே பத்து ரூபாய்தான், சதவீதம் மட்டும் எப்படி மாறியது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை முடிந்தவர்களுக்கு 118 கணக்கு சீக்கிரம் பிடிபடுகிறது. அதனால் என் வரிசை இதுதான்: முதல் பீரியட் சந்தைச் சீட்டு, அடுத்த இரண்டு பீரியட் ஜிஎஸ்டி பில்.

பிள்ளைகளையே பில் கொண்டுவரச் சொன்னால் ஒன்றிரண்டு தொல்லை உண்டு. அச்சு சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே நகல் எடுத்துப் போன் நம்பரை அடித்து மறைத்துவிடுங்கள். தேதியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்லில் பற்பசைக்கு 18 சதவீதம் இருக்கும், இப்போது 5. ஒரே பற்பசைக்கு இரண்டு விகிதம் வந்து வகுப்பே குழம்பியது, அப்புறம் அதையே ஒரு கணக்காக்கிவிட்டேன்.

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊரில் மட்டும் வரும் கேள்வி ஒன்று. பாறசாலைக் கடையில் வாங்கிய பில்லை ஒரு பெண் கொண்டுவந்து, 'நாங்க தமிழ்நாடு, கடை கேரளா, அப்போ மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் போடும் ஐஜிஎஸ்டிதானே சார்?' என்றாள். முகவரி எதுவும் எழுதாமல் கடையில் நேரே வாங்கிக் கையோடு எடுத்து வந்தால் விற்பனை கேரளாவிலேயே முடிந்துவிட்டது. அதனால் அதிலும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு பாதிதான். அந்த எஸ்ஜிஎஸ்டி பாதி மட்டும் சென்னைக்கு வராது, திருவனந்தபுரத்துக்குப் போகும்.