தேங்கிய தோசைக்கல்: விலையைக் குறைப்பதா, படத்தை மாற்றுவதா?

நானும் தம்பியும் கோவையில் இரும்புப் பாத்திரம் விற்கிறோம். வார்ப்பிரும்பு தோசைக்கல், பணியாரக்கல், கடாய் என்று ஃபவுண்டரியில் வாங்கி, எண்ணெய் பழக்கி, அமேசானிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவது தொழில். ஒரு சரக்கு நகராமல் நின்றால் தம்பி ஒன்றைத்தான் சொல்வான்: "அண்ணா, நூறு ரூபாய் குறைச்சுப் பார்ப்போம்." சில சமயம் அவன் சொல்வது சரிதான். எந்தச் சமயம் என்று பிரித்துப் பார்க்க நான் சில வருடமாக வைத்திருக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு ரூபாயின் கணக்கைப் பார்ப்போம். 10 இன்ச் தோசைக்கல்லின் விலை 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் 600, கூரியர் 130 (கல்லின் எடை அப்படி), அட்டைப்பெட்டியும் பபிள் ஷீட்டும் 40, தளத்தின் கட்டணங்கள் சுமார் 10 சதவீதம், அதாவது 110. வரியைத் தனியாக விட்டால் கையில் நிற்பது 220. விலையை 1,000 ஆக்கினால் கட்டணத்தில் 10 ரூபாய் மிச்சமாகும். ஆனாலும் கையில் நிற்பது 130தான். பத்து கல் விற்றுக் கிடைத்த லாபத்துக்கு இனி 17 கல் விற்க வேண்டும். வாங்குபவருக்கு விலையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, நமக்கோ லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. படத்தை மாற்றுவதற்கு ஒரு மதிய நேரமும் ஐந்நூறு ரூபாய்க்குள் சாமானும் போதும். கூடுதலாக மூன்று கல் போனால் அந்தச் செலவு திரும்பிவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் படம்தான் மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆள் எந்த இடத்தில் திரும்பிப் போகிறார் என்று பார்க்க வேண்டும். அமேசானில் சின்னதாக ஒரு விளம்பரம் ஓட்டினால் `Impressions`, `Clicks` இரண்டும் தெரியும். கண்ணில் பட்டது எத்தனை தடவை, தொட்டது எத்தனை தடவை என்ற கணக்கு அது. பிசினஸ் ரிப்போர்ட்டில் `Sessions`, `Unit Session Percentage` இருக்கும். உள்ளே வந்த வருகைகளில் எவ்வளவு விற்பனையானது என்பதை அது காட்டும். கண்ணிலேயே படவில்லை என்றால் விலையையும் படத்தையும் தொட வேண்டாம். தலைப்பில் ஆட்கள் தேடும் சொல் இல்லை, அல்லது சரக்கு தப்பான பிரிவில் கிடக்கிறது. கண்ணில் பட்டும் தொடவில்லை என்றால் முதல் படம், விலை இரண்டில் ஒன்று. தேடல் பக்கத்தில் இரண்டும் அருகருகே நிற்பதால் குழப்பமே இங்கேதான். அப்போது நம் கல்லுக்கு மேலும் கீழும் இருக்கும் அதே அளவுக் கற்களின் விலையைப் பார்ப்பேன். நம் விலை அவற்றோடு ஒட்டி இருந்தால் சந்தேகம் படத்தின் மேல்தான்.

தோசைக்கல்லின் கதை அப்படித்தான் இருந்தது. பக்கத்துக் கற்களும் கிட்டத்தட்ட அதே விலை. ஆனால் பணியாரக்கல்லைத் தொட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்கூட இதைத் தொடவில்லை. முதல் படத்தைப் போனில் சின்னதாக்கிப் பார்த்தால் வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்பு வட்டம். கைப்பிடி எங்கே, விளிம்பு எங்கே, ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை அதிகம் இருக்கும் காட்சியைக் கேமரா தானாகவே இருட்டாக்கிக்கொள்ளும். அதில் இரும்பின் சொரசொரப்பு மறைந்துவிடும். முதல் படத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும், படத்தில் 85 சதவீதம் பொருளே நிறைய வேண்டும் என்பது தளத்தின் விதி. அதை மாற்ற முடியாது. வெளிச்சத்தை மாற்றலாம். கல்லை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினோம். எண்ணெய் பளபளத்தால் வெள்ளைத் திட்டு விழும், அதனால் துணியால் நன்றாகத் துடைத்தோம். போன் திரையில் கல்லின் மேலேயே விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, நேர் மேலிருந்து எடுக்காமல் சாய்வாக எடுத்தோம். விளிம்பின் உயரமும் கைப்பிடியின் நீளமும் அப்போதுதான் தெரிந்தன.

உள்ளே வந்தவர்கள் ஏன் வாங்காமல் போகிறார்கள் என்பதை ரிப்போர்ட்டைவிட வாட்ஸ்அப் கேள்விகள் நன்றாகச் சொல்லும். "கடைசி விலை என்னங்க?", "அங்கே கம்மியா இருக்கே?" என்று வந்தால் அது விலைப் பேச்சு. எங்களுக்கு வந்தவையோ "இண்டக்‌ஷன்ல வைக்கலாமா?", "பத்து இன்ச்னா தோசை எவ்வளவு பெருசு வரும்?" என்ற மாதிரிதான். நூறு ரூபாய் குறைத்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடுமா? திரும்பி வந்த கற்களிலும் "நினைத்ததைவிடச் சிறியது" என்ற காரணமே அதிகம். விளிம்போடு அளந்தால் 10 இன்ச். தோசை ஊற்றும் இடம் அதைவிடக் குறைவு. அதனால் டேப் வைத்து உள் அளவைக் காட்டும் படம் ஒன்று, இரண்டு பர்னர் அடுப்பில் குக்கருக்குப் பக்கத்தில் கல் இருக்கும் படம் ஒன்று, தட்டையான அடிப்பாகத்தின் படம் ஒன்று சேர்த்தோம். தோசையோடு ஒரு படமும் உண்டு. அதற்காக ஊற்றிய தோசைகளில் பாதி தம்பி வயிற்றுக்குள் போனது வேறு கதை.

விலையைத் தொடாமல் காத்திருந்தோம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. தீபாவளி, பொங்கல் வாரங்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொன்று, அவசரப்படக் கூடாது. வழக்கமாக நூறு பேரில் இரண்டு பேர் வாங்கும் சரக்கு என்றால், ஐம்பது பேர் வந்து ஒருவர்கூட வாங்காமல் போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அது வெறும் தற்செயல். சில நூறு வருகைகள் சேரும்வரை நான் தீர்ப்பு எழுத மாட்டேன். தோசைக்கல்லைத் தொடுபவர்கள் இரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடினார்கள். விற்பனை மெதுவாகத்தான் ஏறியது. அளவைச் சொல்லித் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய நின்றது. எனக்குப் பெரிய லாபம் அதுதான், ஏனென்றால் ஒரு கல் திரும்பி வந்தால் இன்னொரு கல்லின் லாபத்தைக் கூரியர் தின்றுவிடும்.

தம்பி ஜெயித்த இடம் கடாய். அதே ஃபவுண்டரி வார்ப்பை இன்னும் நாலைந்து பேர் விற்கிறார்கள். படங்கள் நன்றாகவே இருந்தன, உள்ளே வருபவர்களும் குறையவில்லை. ஆனால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், எங்களைவிட 80 ரூபாய் குறைவாக அதே கடாய் பக்கத்திலேயே இருந்தது. இந்த நிலையில் படத்தை எத்தனை தடவை எடுத்தாலும் பலன் இல்லை. விலையை அவர்கள் அளவுக்கு இறக்கினோம், விற்றது. மறுபடி ஏற்ற முடியவில்லை. ஏற்றிய வாரமே நின்றுபோகிறது. அந்த விலையில் எங்களுக்கு மிஞ்சுவது சொற்பம் என்பதால், இருந்த சரக்கைத் தள்ளிவிட்டு அந்த வார்ப்பை வாங்குவதை நிறுத்திவிட்டோம். இப்போது அந்த இடத்தில் குழி கொஞ்சம் ஆழமான வேறொரு கடாய் இருக்கிறது. படம் எடுத்தாகிவிட்டது, விலையை இன்னும் தொடவில்லை.