ஜெர்மனிக்கு மனைவியை அழைக்கப் போலி வீட்டு டாக்குமென்ட் விற்கும் ஏஜென்ட், தண்டையார்பேட்டைக்காரர்கள் கவனிக்கவும்

என் தம்பி ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறான். அவன் மனைவியை அங்கே அனுப்ப எங்கள் ஏரியா ஏஜென்ட் ஒருவர் 'வீட்டு டாக்குமென்ட் எல்லாம் நான் பார்த்துக்கிறேன் அக்கா' என்று 70,000 ரூபாய் வாங்கினார். வாடகை ஒப்பந்தமும் ஓனர் கடிதமும் அவரே ரெடி செய்து, நாங்கள் விசாவுக்குக் கொடுத்து, கடைசியில் தம்பி இருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம் ஒப்புதல் தர மறுத்துவிட்டது.

முதல் சிக்கல் அறையின் அளவு. மனைவியை அழைப்பவன் இருவருக்கும் போதுமான இடம் இருப்பதைக் காட்டவேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 12 சதுர மீட்டர், அதற்குக் கீழே 10 என்பது அங்கே கணக்கு. கணவன் மனைவி என்றால் 24, சுமார் பத்து சதவீதம் குறைந்தால் பரவாயில்லை என்பதால் 21.6 வரை ஏற்பார்கள். ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 58 சதுர மீட்டர் என்று முழு ஃபிளாட்டையும் போட்டிருந்தார். ஆனால் அதில் இன்னும் மூன்று பசங்க இருக்கிறார்கள், தம்பிக்கென்று இருப்பது 15 சதுர மீட்டர் அறை மட்டும். மற்றவர்களும் புழங்கும் ஹால் கணக்கில் வராது. சமையலறை, குளியலறையைப் பகிர்ந்துகொள்ளலாம், அது தடையில்லை. அந்த முகவரியில் யார் யார் பதிவாகியிருக்கிறார்கள் என்பது அரசுப் பதிவேட்டிலேயே இருக்கிறது, அதனால் எதையும் மறைக்க முடியாது.

அடுத்தது அந்தக் கடிதம். 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்' என்பார்கள், இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போடும் தாள். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய அதுதான் வேண்டும், வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. எங்கள் ஏஜென்ட் கொடுத்த தாளில் தம்பி மனைவியும் ஏற்கெனவே குடிவந்துவிட்டதாக எழுதியிருந்தது! அவள் அப்போது வண்ணாரப்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஓனர் என்று போட்டிருந்த பெயரும் பொய், அந்த ஃபிளாட்டை எடுத்து உள்வாடகைக்கு விட்டவர் வேறொருவர். வீடு கொடுப்பவர் ஓனர் இல்லையென்றால் உண்மையான ஓனர் பெயரும் அந்தத் தாளில் வரவேண்டும். குடிவராதவருக்கு முகவரி கொடுத்தால் அங்கே 50,000 யூரோ வரை அபராதம் போடலாம். இவ்வளவு ஆபத்தில் என் தம்பியை மாட்டிவிட்டுப் பணம் கேட்டால், ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்றுதானே இருக்கிறது என்கிறார்.

இன்னொன்று. கணவரோ மனைவியோ அங்கே திறன்பணியாளர் அனுமதியில் அல்லது படித்தவர்களுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டில் இருந்தால், 2024 மார்ச் முதல் துணைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வீட்டின் அளவைக் காட்டவே வேண்டாம். அவர்களிடமும் இதே பேக்கேஜை விற்கிறார்கள்.

தம்பி இப்போது 26 சதுர மீட்டரில் ஒற்றை அறை வீடு ஒன்றைத் தன் பெயரில் எடுத்து, பரப்பளவும் மனைவியும் தங்கலாம் என்பதும் ஒப்பந்தத்திலேயே வரும்படி கேட்டு வாங்கியிருக்கிறான். உங்களிடம் யாராவது, போகவேண்டிய ஆள் கிளம்பும் முன்னாலேயே குடிவந்த கடிதம் தருகிறேன் என்றால், அது போலி, பணம் கொடுக்காதீர்கள்.