விலை ஏறும்போது எண்ணெய் டின்: ஃபிஃபோவா, சராசரியா?

கணக்கியல் ஸ்லைடுகளில், முதலில் வந்தது முதலில் போகும் என்ற ஃபிஃபோ முறையை விளக்க எல்லோரும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். கடை அலமாரியில் பழைய பால் முன்னால் நிற்கும், புதிய பால் பின்னால் நிற்கும், முன்னால் நிற்பது முதலில் விற்கும். நானும் பல ஆண்டுகள் அதையே போட்டேன். டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்கள் பாதி. ஒரு நாள் அடுத்த ஸ்லைடுக்கு, வாங்கிய விலைகளையெல்லாம் அளவுக்கேற்பக் கலந்து ஒரே விலையாக்கும் எடையிட்ட சராசரிக்கு, போனதும் ஒரு பையன் கேட்டான்: “சார், அப்படியென்றால் இந்த முறையில் பாலையெல்லாம் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலக்க வேண்டுமா?”

வகுப்பே சிரித்தது. ஆனால் தவறு அவனுடையது அல்ல, என் படத்துடையது. ஃபிஃபோவும் சராசரியும் சரக்கு எந்த வரிசையில் நகர்கிறது என்பதைச் சொல்பவை அல்ல. சரக்கின் விலை எந்த வரிசையில் நகர்வதாக ஏட்டில் வைத்துக்கொள்கிறோம் என்பதையே சொல்கின்றன. கடைக்காரர் புது டின்னை முதலில் விற்றாலும் ஏட்டில் ஃபிஃபோ போடலாம். பழையதை முதலில் விற்றாலும் சராசரி போடலாம். ஒன்றுக்கொன்று மாற்றாகக்கூடிய பொருள்களுக்குச் சர்வதேசக் கணக்கியல் தரம் ஐ.ஏ.எஸ். 2 இந்த இரண்டையும் அனுமதிக்கிறது. கடைசியில் வந்தது முதலில் போகும் என்ற லிஃபோவை அது 2005 முதல் விலக்கிவிட்டது. தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டமும் லிஃபோவை ஏற்பதில்லை. ஆகவே லிஃபோவுக்கு நான் ஸ்லைடு போடுவதில்லை.

பால் படத்தை எடுத்துவிட்டு, சூரியகாந்தி எண்ணெய் டின்னை வைத்தேன். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த எண்ணெயின் விலை ஏறிய வேகம் இங்கே சமையலறை உள்ள எவருக்கும் நினைவிருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. சமையலுக்கான தாவர எண்ணெய்க்கு இந்த நாட்டில் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். எனவே 15 சதவீதத்தைக் கழிப்பதா சேர்ப்பதா என்ற வாதம் பாடத்துக்குள் நுழைவதில்லை. கீழே வரும் எண்கள் வகுப்புக்காக நானே அமைத்தவை. கடைக்குக் கொண்டுவரும் வண்டிக்கூலியும் விலைக்குள் அடக்கம்.

ஆண்டுத் தொடக்கத்தில் 100 டின், ஒன்று 400 ரேண்ட். பிறகு 460-க்கு 200 டின். அதன் பிறகு 520-க்கு 200 டின். ஆக 500 டின், அடக்க விலை 2,36,000 ரேண்ட். ஒரு டின் 600 ரேண்ட் வீதம் 380 டின் விற்றாகிவிட்டது. வரவு 2,28,000. கையிருப்பு 120 டின்.

முதல் ஸ்லைடில் இந்தப் பத்தி மட்டும்தான். அடியில் 2,36,000 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு, எல்லா ஸ்லைடுகளிலும் அது அப்படியே நிற்கும்படி விடுகிறேன். இந்தப் பாடத்தில் நடப்பது அந்த ஒரு தொகையை இரண்டாக வெட்டுவதுதான். ஒரு துண்டு விற்ற சரக்கின் அடக்கம், மறு துண்டு இறுதிச் சரக்கிருப்பு. முறை மாறினால் கத்தி விழும் இடம் மாறும், தொகை மாறாது.

ஃபிஃபோவில் கத்தி எங்கே விழும் என்று காண்பது எளிது. மீதி 120 டின்னும் கடைசியாக வாங்கிய 200-இல் சேர்ந்தவை. 120 × 520 = 62,400 இறுதிச் சரக்கிருப்பு. விற்றவற்றின் அடக்கம் 1,73,600. மொத்த இலாபம் 54,400. பிள்ளைகள் முதலிலிருந்து 100, 200, 80 என்று அடுக்கிக் கூட்டப் பார்ப்பார்கள். விடை அதுவேதான் வரும், ஆனால் கூட்டலில் தடுமாற இடம் அதிகம். கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லிக் கொடுப்பதே மேல்.

சராசரியில்தான் வழக்கமான பள்ளம் இருக்கிறது. 400, 460, 520 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 460. பார்க்க அழகான எண். அதனால்தான் பலர் அதை நம்பிவிடுகிறார்கள். 380 டின்னுக்கு 1,74,800, மீதி 120-க்கு 55,200. இரண்டையும் கூட்டினால் 2,30,000. ஸ்லைடின் அடியில் 2,36,000 நிற்கிறது. 6,000 ரேண்ட் காற்றில் போய்விட்டது. மலிவான 100 டின்னுக்கும் விலை கூடிய 200 டின்னுக்கும் சம எடை கொடுத்ததன் விளைவு இது. ‘எடையிட்ட’ என்ற சொல் அங்கே இருப்பதே இதற்காக. சரியான கணக்கு 2,36,000 ÷ 500 = 472. இருப்பு 56,640, விற்ற அடக்கம் 1,79,360, மொத்த இலாபம் 48,640.

பெரும்பாலான ஸ்லைடுகள் இந்த இடத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டு, விலை ஏறும்போது ஃபிஃபோ அதிக இலாபம் காட்டும் என்று எழுதி முடித்துவிடும். முடிவு சரிதான். ஆனால் சராசரி என்று ஒற்றை முறையாகச் சொல்வதில் ஒரு பொய் கலந்திருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் கடைசியில் ஒரே சராசரி எடுப்பது ஒரு வழி, அது ஆண்டுச் சராசரி. ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் புதுச் சராசரி எடுப்பது இன்னொரு வழி, அது நகரும் சராசரி. ஐ.ஏ.எஸ். 2 இரண்டையும் ஏற்கிறது. இரண்டின் விடையும் ஒன்றல்ல.

அதைக் காட்ட, விற்பனை நடந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். முதல் கொள்முதலுக்கு முன் 60 டின் விற்றது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடக்கம் 24,000. மீதி 40 டின், மதிப்பு 16,000. அதோடு 92,000-க்கு 200 டின் சேருகிறது. இப்போது 240 டின், 1,08,000 ரேண்ட், சராசரி 450. அதில் 160 டின் போகிறது, அடக்கம் 72,000. மீதி 80 டின், 36,000. மேலும் 1,04,000-க்கு 200 டின் வந்ததும் 280 டின், 1,40,000, சராசரி 500. இன்னும் 160 டின் விற்க, அடக்கம் 80,000. கையில் நிற்பது அதே 120 டின், ஆனால் மதிப்பு 60,000. விற்ற அடக்கம் மூன்றையும் கூட்டினால் 1,76,000. இரண்டும் சேர்ந்து 2,36,000. சரி.

| | ஃபிஃபோ | நகரும் சராசரி | ஆண்டுச் சராசரி |
|---|---|---|---|
| விற்ற சரக்கின் அடக்கம் | 1,73,600 | 1,76,000 | 1,79,360 |
| இறுதிச் சரக்கிருப்பு | 62,400 | 60,000 | 56,640 |
| மொத்த இலாபம் | 54,400 | 52,000 | 48,640 |

ஆண்டுச் சராசரியின் குறை இப்போது கண்ணுக்குத் தெரியும். ஆண்டின் தொடக்கத்தில், கடையில் 400 ரேண்ட் டின் மட்டுமே இருந்தபோது விற்ற 60 டின்னுக்கும் அது 472 ரேண்ட் அடக்கம் போடுகிறது. அந்த விலை அப்போது யாருக்கும் தெரியாது. நகரும் சராசரி அந்த அபத்தத்தைச் செய்வதில்லை. ஃபிஃபோவுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ஒவ்வொரு விற்பனைக்கும் கணக்கிட்டாலும், ஆண்டு முடிவில் ஒரே தடவை கணக்கிட்டாலும் 62,400-தான் வரும். ஒப்பீட்டு ஸ்லைடுகளில் ஃபிஃபோவுக்கு நியாயமாகக் கொடுக்க வேண்டிய, ஆனால் யாரும் கொடுக்காத மதிப்பெண் இது.

அப்படியானால் ஃபிஃபோதான் நல்லதா? சரக்கிருப்பின் மதிப்பைப் பொறுத்தவரை ஆம். இன்று சந்தையில் 520 விற்கும் பொருளை ஏடும் 520 என்கிறது. இலாபத்தைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உறுதியாக இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு கடைக்கார அம்மா, “54,400 இலாபம் என்றால் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா, தம்பி?” என்று கேட்டார். விற்ற 380 டின்னையும் இன்றைய விலைக்குத் திரும்ப வாங்கி அடுக்க 1,97,600 ரேண்ட் வேண்டும். வரவான 2,28,000-இல் அது போக மிஞ்சுவது 30,400. ஃபிஃபோ காட்டிய இலாபத்தில் 24,000 ரேண்ட் வியாபாரத்தில் வந்ததல்ல, பழைய விலைக்கு வாங்கிய டின்கள் கையில் இருந்தபோது விலை ஏறியதால் வந்தது. அதை எடுத்துச் செலவழித்தால் அலமாரியில் ஓட்டை விழும். நகரும் சராசரியிலும் இந்த வீக்கம் உண்டு, 21,600. ஆண்டுச் சராசரியில் 18,240. எந்த முறையும் அதை முழுதாக நீக்குவதில்லை.

ஆனால் சராசரியால் வரி மிச்சமாகும் என்று சிலர் சொல்வதை அந்த அம்மா நம்பிவிடக் கூடாது என்று நினைத்தேன். கம்பெனி வரி 27 சதவீதம். ஃபிஃபோவுக்கும் ஆண்டுச் சராசரிக்கும் இடையில் 5,760 இலாப வித்தியாசம், வரி வித்தியாசம் சுமார் 1,555 ரேண்ட். அது மிச்சமல்ல, தள்ளிவைப்பு. இந்த ஆண்டின் இறுதிச் சரக்கிருப்பே அடுத்த ஆண்டின் ஆரம்பச் சரக்கிருப்பு. அடுத்த ஆண்டு விலை 520-இலேயே நின்று, இந்த 120 டின்னும் விற்றுவிட்டால், ஃபிஃபோக்காரர் 62,400-ஐ அடக்கத்தில் போடுவார், சராசரிக்காரர் 56,640-ஐப் போடுவார். விட்ட 5,760 திரும்பி வந்துவிடும். விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய், இருப்பும் குறையாமல் இருந்தால் தள்ளிவைப்பு நீளும். ஓர் ஆண்டு ஒன்று, மறு ஆண்டு இன்னொன்று என்று தாவவும் முடியாது. அது கணக்குக் கொள்கை மாற்றம். தகுந்த காரணம் காட்டி, முந்தைய ஆண்டின் எண்களையும் திருத்தி எழுத வேண்டும்.

எண்ணெய்க் கடைக்கு எதைச் சொல்வேன் என்றால், நகரும் சராசரியை. டின்மேல் வாங்கிய விலை எழுதியிருப்பதில்லை, எந்த டின் எந்தச் சுமையில் வந்தது என்று தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு என் விருப்பம் எதற்கும் உதவாது. வினாத்தாள் சொல்லும் முறையைத்தான் போட வேண்டும்.

கடைசி ஸ்லைடில் விலையை இறக்கிவிடுகிறேன். பக்கத்துக் கடையின் தள்ளுபடியால், விற்கும் செலவு போக ஒரு டின்னுக்கு 490 ரேண்ட்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம், கிடைக்கக்கூடியது, இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் இருப்பைக் காட்ட வேண்டும். ஃபிஃபோவின் 520 ரேண்ட் டின் ஒவ்வொன்றும் 30 இறங்க வேண்டும், மொத்தம் 3,600. நகரும் சராசரியின் 500 ரேண்ட் டின் 10 இறங்கினால் போதும், மொத்தம் 1,200. 472-இல் நிற்கும் ஆண்டுச் சராசரியை அசைக்க வேண்டியதே இல்லை. இறக்கிய பிறகு ஃபிஃபோவின் இருப்பும் நகரும் சராசரியின் இருப்பும் ஒரே 58,800-இல் வந்து நிற்கின்றன.