நாலு சுற்று கீமோ, ஒரு வாந்தி மாத்திரை, தீராத கோபம்

மும்பை செம்பூரில் எங்கள் கீழ் வீட்டுப் பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, அம்மாவுக்குத் திங்கட்கிழமை முதல் கீமோ. அந்த வாந்தி மாத்திரை கேட்குமா?" கேட்கும். ஆனாலும் எனக்கு அதன்மேல் கோபம் தீரவில்லை.

எனக்கு மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாளுக்கு ஒருமுறை நாலு சுற்று. முதல் சுற்று ஒரு வியாழக்கிழமை. வெள்ளி காலை வயிறு அமைதியாக இருந்தது. வாந்தியே இல்லை, மாத்திரை எதற்கு என்று ஒன்டான்செட்ரானை அட்டையிலேயே விட்டுவிட்டேன். சனிக்கிழமை பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தார்கள். அரை நாள் வாஷ்பேசினோடு போனது. அவசரமாக விழுங்கிய மாத்திரையும் பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. கீமோ குமட்டல் அன்றே வந்து போவதோடு நிற்பதில்லை; 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை வரும். அதுதான் இரண்டாம், மூன்றாம் நாளில் ஆளைப் படுக்கப் போடுகிறது. அது தலைகாட்டும் முன்பே மருந்து உடம்பில் இருக்க வேண்டும்.

அடுத்த சுற்றில் போனில் அலாரம். காலை எட்டு, இரவு எட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன் 8 மில்லிகிராம். நன்றாக இருந்தாலும் மூன்று நாள். குமட்டலுக்கே தரும் ஸ்டீராய்டு மாத்திரையான டெக்ஸாமெத்தசோனைக் காலை இட்லிக்குப் பின். ஒருமுறை அதைச் சாயங்காலம் போட்டு, மூன்று மணி வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இரவில் ஓலான்ஸபின். அதன் பெயரைத் தேடினால் மனநோய் மருந்து என்று வரும். பயப்பட வேண்டாம், குமட்டலுக்கும் அதுதான். இங்கே டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், 10 மில்லிகிராம் தரும் பலனை 2.5-ம் தருகிறது, பகல் தூக்கமும் குறைவு என்று 2024-இல் வந்தது. எனக்குப் பிடித்த ஒரே மாத்திரை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். ஒன்டான்செட்ரான் வாந்தியை நிறுத்தியது, கூடவே வயிற்றையும் பூட்டிவிட்டது. நாலு நாள்! சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் சுற்றில் நானே கேட்டு முதல் நாளிலிருந்தே மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் குடித்தேன். எனிமா கூடாது என்று அப்போதுதான் சொன்னார்கள்: கீமோவில் ரத்த வெள்ளணு இறங்கியிருக்கும், கீறல் பட்டால் தொற்று வரும்.

அதே சுற்றில் மாத்திரை போட்டும் ஒரு நாள் தண்ணீர்கூட நிற்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் சிறுநீரும் வரவில்லை, எழுந்தால் கண் இருட்டியது. காலையில் பார்த்துக்கலாம் என்றேன். என் கணவர் கேட்காமல் இரவு ஒன்பதுக்கு ஆஸ்பத்திரி டேகேர் எண்ணுக்குப் போன் போட்டார். உடனே வரச் சொல்லி இரண்டு பாட்டில் ட்ரிப் ஏற்றினார்கள். வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, விழுங்கிய மாத்திரைகளே தங்காவிட்டாலோ அப்படித்தான் கூப்பிட வேண்டும். காய்ச்சல் 100.4 தொட்டால் நடுராத்திரியானாலும் போன்தான். அதற்குமுன் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும்.

அந்தப் பெண்ணிடம் அத்தனையும் சொன்னேன். மிச்சமிருந்த அட்டையைக் கேட்டாள். தரவில்லை, அவள் அம்மாவுக்கு அவர்கள் எழுதுவதுதான். இவ்வளவு திட்டியும் அதை ஏன் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்கிறார்.