இரண்டு வாரம் ஊருக்குப் போனால் மாடிச் செடிகளுக்குப் பாட்டிலா, திரியா?

மே மாதம் பள்ளி லீவு விட்டால் இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். மதுரை மொட்டைமாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய், ஓரமாகக் கொஞ்சம் புதினா. கத்திரி வெயிலில் ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலே தக்காளி தலையைத் தொங்கப் போட்டுவிடும். சொட்டுநீர்க் குழாயும் டைமரும் வாங்கிப் பொருத்தலாம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை வெளியூர் போகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது இரண்டைத்தான். ஒன்று, மூடியில் ஓட்டை போட்டுத் தலைகீழாகக் குத்தி வைக்கும் பாட்டில். இன்னொன்று, தண்ணீர் பாத்திரத்திலிருந்து மண்ணுக்குப் போகும் துணித் திரி. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். காய்க்கிற செடிகளுக்கு எல்லாம் இப்போது திரிதான். பாட்டிலை முழுக்க ஒதுக்கவில்லை, அதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பாட்டில் சும்மா கிடைக்கிறது, திரிக்குப் பழைய பருத்தித் துணி போதும். பாட்டிலைக் குத்த இரண்டு நிமிடம், திரி போட ஒரு செடிக்கு அரை மணி நேரம் ஆகும். அவசரத்துக்குப் பாட்டில் சுலபம், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதை முடிவு செய்வது சுலபமோ செலவோ இல்லை. பதினான்கு நாளைக்கு அந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், அவ்வளவும் எங்கே நிற்கப் போகிறது என்பதுதான் கேள்வி. வெயிலில் நன்றாகக் காய்த்து நிற்கும் தக்காளிச் செடி ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே குடிக்கும். அப்படியென்றால் ஒரு லிட்டர் பாட்டில் ஒரு நாள் கணக்கு. பாட்டில் எவ்வளவு நிதானமாகச் சொட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் செடி எவ்வளவு குடிக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருந்தால் போதும். காலையில் அடியில் வழியும்வரை தண்ணீர் ஊற்றி, வடிந்து நின்றதும் தொட்டியைத் தூக்கி எடை பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். செடி வளர்க்கும் பெரிய பை தராசுக்கு அடங்காது. அதற்கு வேறு வழி: நேற்று வழியும்வரை ஊற்றிய பையில் இன்று அளந்து அளந்து ஊற்றி, அடியில் முதல் சொட்டு வரும்போது நிறுத்தினால் ஏறக்குறைய அதே எண் கிடைக்கும். இதை வெயிலில் ஒரு நாள், நிழல்வலைக்குக் கீழே ஒரு நாள் செய்து பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருக்கும். திறந்த வெயிலில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்த எங்கள் தக்காளி, கிழக்குப் பக்கச் சுவரோரம் வலைக்குக் கீழே நகர்த்தி, மேலே காய்ந்த இலைச் சருகு பரப்பியதும் முக்கால் லிட்டருக்குள் அடங்கியது. நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த நகர்த்தல் முதலில் நடக்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் செடி வெளிறி, தண்டு நீண்டுவிடும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். தலைகீழாகக் குத்திய பாட்டிலிலிருந்து தண்ணீர் இறங்க வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். ஓட்டையைச் சுற்றி மண் ஈரமாக ஒட்டியிருந்தால் காற்றுக்கு வழியில்லை, தண்ணீர் நிற்கும். மண் காய்ந்து விரிசல் விட்டால் ஒரு குமிழ் மேலே போகும், கொஞ்சம் தண்ணீர் இறங்கும். களி கலந்த வயல் மண்ணில் இது அழகாகவே வேலை செய்கிறது. நம் மாடித் தொட்டியில் இருப்பதோ பாதிக்கு மேல் தென்னைநார்த் தூள், மண்புழு உரம். அது எப்போதும் பொலபொலவென்று இருப்பதால் ஓட்டையை அடைக்கவே அடைக்காது. குத்தியவுடன் குமிழ் வரிசையாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம், ஒரு மணி நேரத்தில் பாட்டில் காலி. ஓட்டையைச் சிறிதாக்கினால் மண் துகள் போய் அடைத்துக்கொள்ளும். பாட்டில் நிறையத் தண்ணீரோடு நிற்க, செடி பக்கத்திலேயே வாடும்.

இதற்கும் மேலே வெயில் ஒரு வேலை செய்கிறது. பாட்டிலின் மேல்பாதியில் இருக்கும் காற்று பகலில் சூடாகி விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மண் வழியாகப் புதுக் காற்றை இழுத்துக்கொள்ளும். மறுநாள் இன்னொரு தள்ளு. பாட்டில் காலியாக ஆக உள்ளே காற்று கூடும், தள்ளும் அளவும் கூடும். அதாவது செடிக்குத் தாகம் இருக்கிறதா என்று கேட்காமல் வெயிலே குழாயைத் திறக்கிறது. பாட்டிலை வெள்ளைத் துணியால் சுற்றினால் இது கொஞ்சம் குறையும். ஐந்து லிட்டர் கேனைக் கவிழ்த்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதில் காற்றும் அதிகம், தள்ளும் அதிகம், காற்றடித்தால் கேனே செடிமேல் சாயும்.

திரியில் தண்ணீர் மேலே ஏறுவது நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய சந்துகள் வழியாக. மேலே மண் காய்ந்திருந்தால் இழுப்பு அதிகம், ஈரமாக இருந்தால் இழுப்பு குறையும். செடி குடிக்கிற அளவுக்கு ஏற்பத் தண்ணீர் தானாக வருகிறது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று: தண்ணீர் நிற்கும் பாத்திரத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பாட்டிலால் முடியாதது இதுதான்.

நான் வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். தக்காளிப் பைக்கு வலைக்குக் கீழே நாளைக்கு முக்கால் லிட்டர் என்றால் பதினான்கு நாளைக்குப் பத்தரை லிட்டர். வெயில் ஏறினால் தாங்க மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 14 லிட்டர். இதற்கு ஆழமான வாளி வேண்டாம், அகலமான பிளாஸ்டிக் டப் வேண்டும். ஏனென்றால் நீர்மட்டம் இறங்க இறங்கத் திரி ஏற வேண்டிய உயரம் கூடும், வரும் தண்ணீர் குறையும். ஆறேழு அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் காய்க்கிற செடிக்குப் போதாது. 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 12 ஆழம் உள்ள டப்பில் 14 லிட்டர் அடங்கும். டப்பின் இரண்டு பக்கமும் செங்கல்லை இரண்டு வரிசை படுக்கையாக அடுக்கி, மேலே பலகையை வைத்து, அதன்மேல் பை. பலகையில் உள்ள இடைவெளி வழியாகத் திரிகள் நேரே டப்பின் அடிவரை இறங்கும்.

திரியைப் பையின் அடி ஓட்டை வழியாக உள்ளே தள்ள வேண்டும். பழைய குடைக்கம்பியின் நுனியில் திரியை மடித்து மாட்டி, பையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிக் குத்தினால் பாதி உயரம்வரை போகும். கம்பியை மெதுவாகத் திருகி உருவினால் திரி உள்ளேயே தங்கிவிடும். சில வேர்கள் அறுபடும், அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். தக்காளிக்கு மூன்று திரி, கத்தரிக்கு இரண்டு, மிளகாய்க்கு ஒன்று போதுமானதாக இருக்கிறது. போட்டவுடன் மேலிருந்து ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றித் திரியையும் மண்ணையும் நனைத்துவிட வேண்டும். தென்னைநார்த் தூள் ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் திரியிலிருந்து ஈரத்தை வாங்காது.

திரிக்கு விரல் தடிமனில் திரித்த பழைய வேட்டித் துணி நல்லது, தரை துடைக்கும் மாப்பின் பருத்தி நூல் அதைவிட நல்லது. புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போகத் துவைத்துக்கொள்ளுங்கள். கொடி கட்டும் நைலான் கயிறு பார்க்கத் தடியாக இருக்கும், பெரும்பாலும் தண்ணீரே ஏறாது. ஒரு அடி நீளத் துண்டைத் தொங்கவிட்டு, நுனி மட்டும் மை கலந்த தண்ணீரில் படும்படி வைத்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். பருத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஈரத்தில் கிடந்தால் வழவழப்பாகி அழுகத் தொடங்கும், இரண்டு வாரத்துக்கு அது பிரச்சினை இல்லை.

திரியில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு. சிலர் பாத்திரத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் உயரமான இடத்தில் வைத்து, திரியை விளிம்பு தாண்டி மண்ணுக்குள் விடுவார்கள். திரியின் மறுமுனை நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அது உறிஞ்சுவதை விட்டுவிட்டு இறைக்கத் தொடங்கும். மண் ஈரமாக இருந்தாலும் நிற்காது, இரண்டு மூன்று நாளில் மொத்தமும் தரையில் ஓடியிருக்கும். பாத்திரத்தை எப்போதும் செடிக்குக் கீழே வைப்பதற்கு இதுதான் காரணம்.

கொசுவையும் மறக்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். திறந்த டப்பை இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போவது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் செய்யும் நல்ல காரியம் இல்லை. டப்பின் வாயைக் கெட்டித் துணியால் மூடி, திரி போகும் இடத்தில் மட்டும் கீறல் விட்டு, சுற்றிலும் கயிற்றால் இறுக்கக் கட்டுங்கள். வெளிச்சம் போகாததால் பாசியும் பிடிக்காது.

பாட்டிலை நான் வைப்பது சின்னத் தொட்டிப் புதினாவுக்கும் செம்மண் அதிகம் கலந்த கீரைத் தொட்டிக்கும்தான். அதுவும் நிழலில், நாலைந்து நாள் பயணத்துக்கு. இரண்டு வாரம் என்றால் அந்தச் சின்னத் தொட்டிகளைப் பெரிய தட்டில் கூட்டமாக வைத்து, எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிடுகிறேன். திரி டப்புகள் இருப்பதால் அவருக்கும் வேலை குறைவு. “எந்தச் செடிக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?” என்று முன்பெல்லாம் கேட்பார். இப்போது டப்பில் போட்ட கோடுவரை ஒரு முறை நிரப்பினால் போதும்.

மழைக்காலத்தில் இப்படி விட்டுப் போய்ப் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். திரி வடியாத ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அடைமழையில் டப்பை எடுத்துவிடுவதே சரியென்று படுகிறது.

ஊரிலிருந்து திரும்பியதும் மண்ணின் மேல்பரப்பைப் பாருங்கள். போர்வெல் தண்ணீராக இருந்தால் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். தண்ணீர் கீழிருந்து ஏறி மேலே ஆவியாவதால் உப்பு அங்கேயே தங்குகிறது. அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, டப்பை அகற்றி, அடியில் நன்றாக வழியும்வரை மேலிருந்து இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு அடுத்த வாரம்தான் உரம்.