கடலூரில் ஒரு குழந்தை, ஒரு வருடம், ஒரு கணக்கு நோட்டு

என் மகள் பிறந்தது 2024 ஆகஸ்ட் மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை. அன்றைக்கே ஒரு நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்தேன். மாதம் 3,000 என்று வைத்து, வருடத்துக்கு 36,000 போதும் என்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். முதல் பிறந்தநாள் வந்தபோது நோட்டில் 54,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த இடைவெளி எங்கே விழுந்தது என்பது புதிதாகப் பிள்ளை பெறுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பெரிய செலவு ஊசி. பிறந்தவுடன் போடும் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் மருத்துவமனையிலேயே முடிந்துவிட்டன. ஆறாவது வார ஊசி சரியாக அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விடுமுறையில் விழுந்தது. நாள் தள்ளக்கூடாது என்ற பயத்தில் மறுநாள் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். காய்ச்சல் குறைவாக வரும் "வலியில்லா" கூட்டு ஊசி, நிமோனியா ஊசி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து பில் 9,700. இதே மாதிரி மூன்று தடவை என்றால் 29,000. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை.

அடுத்த வாரம் எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்மகிட்டயும் இருக்கும்மா, புதன்கிழமை வாங்க" என்றார். கூட உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினார். அரசு போடும் பென்டாவேலன்ட் ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சல் வரவைக்கும் ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் மருந்து இருக்கிறது. தனியாரின் கூட்டு ஊசியில் ஆறாவதாகப் போலியோ சேர்ந்திருக்கிறது. அரசில் அதைத் தனி ஊசியாகவும் சொட்டாகவும் தருகிறார்கள். ரோட்டா சொட்டு உண்டு. நிமோனியா ஊசியும் 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசம். உண்மையான வித்தியாசம் கக்குவான் பகுதியில்தான். அரசு ஊசியில் கொல்லப்பட்ட கக்குவான் கிருமியை முழுசாகவே சேர்க்கும் முழு உயிரணு வகை என்பதால் அன்று இரவு காய்ச்சலும் தொடை வீக்கமும் கொஞ்சம் அதிகம் வரலாம். பாதுகாப்பில் குறைவு இல்லை.

நடுவில் தனியாரிலிருந்து அரசுக்கு மாறலாமா என்று குழந்தை மருத்துவரிடமும் கேட்டோம். கூட்டு ஊசிக்குப் பிரச்சினை இல்லை, ரோட்டா சொட்டு ஒரே கம்பெனியாக இருந்தால் நல்லது, கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்து மொத்தம் மூன்று தவணை முடித்துவிடுங்கள் என்றார். முக்கியமானது, தனியாரில் போட்டதன் பெயரும் தேதியும் தாய் சேய் அட்டையில் ஏற வேண்டும். கிளினிக்கில் ஊசிப் பெட்டியின் ஸ்டிக்கரை அவர்கள் ஃபைலில் மட்டும் ஒட்டியிருந்தார்கள். நான் திரும்பப் போய்க் கேட்டு எழுதி வாங்கினேன்.

பத்தாவது வாரம் தீபாவளிக்கு முந்தின நாள், புதன்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். செலவு ஆட்டோ மட்டும். சொன்ன மாதிரியே ராத்திரி காய்ச்சல் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். பெரிய பாட்டில் சிரப்பில் பெரும்பாலும் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125 தான். சிரப்பின் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன, அத்தை கையில் எடுத்ததும் தவறான பாட்டில்தான். அன்றே சிரப்பை வேறு அறைக்கு மாற்றி, சொட்டு பாட்டிலில் நர்ஸ் சொன்ன அளவை எழுதி ஒட்டினேன். எடை கூடக்கூட அந்த அளவும் மாறும், ஒவ்வொரு ஊசிக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதினான்காவது வார ஊசி நவம்பர் 27. அப்போது மழை பிடித்துக்கொண்டது. அடுத்து ஃபெஞ்சல் புயல், பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். ஊசி டிசம்பர் நடுவில்தான் போட முடிந்தது. தள்ளிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இது தெரியாமல் நான் இரண்டு வாரம் தூங்கவில்லை.

மழை இன்னொரு கணக்கையும் உடைத்தது. பழைய வேட்டியைக் கிழித்து இருபத்தைந்து துணி வைத்திருந்தோம். டயப்பர் இரவுக்கும் வெளியே போவதற்கும் மட்டும், நாளுக்கு மூன்று. ஐப்பசி அடைமழையில் துணி இரண்டு நாளானாலும் காயவில்லை. ஃபேன் காற்றில் காயவைத்து, இஸ்திரி போட்டுப் பார்த்தோம். ஓரத்தில் ஈரம் நின்ற துணியைக் கட்டிய மறுநாளே தொடை இடுக்கில் சிவந்துவிட்டது. அப்புறம் முழுக்க டயப்பர்தான். நாளுக்கு எட்டு, ஒன்று பத்து ரூபாய், மாதம் 2,400. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை டயப்பர் கணக்கை இரண்டரை மடங்காகவே எழுதிக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி என்று எஸ் சைஸ் மூன்று பெரிய பாக்கெட் வாங்கியது என் தவறு. பாக்கெட்டில் போட்டிருக்கும் எடைக்கு முன்னாலேயே அளவு போதாமல் போகும். தொடையில் ரப்பர் தடம் அழுந்தி நிற்பதும், முதுகு வழியாகக் கசிவதும்தான் அடையாளம். இரண்டு பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

பால் விஷயத்தில் செலவு குறைவு. 2,400 ரூபாய்க்கு வாங்கிய பம்பும், ஃப்ரீசரில் சேர்த்த பாலும் புயல் மின்வெட்டில் பயன்படவில்லை, பாலைக் கொட்டினேன். கையால் பீய்ச்ச அதே செவிலியர் சொல்லிக்கொடுத்தார். வேலைக்குப் போன பிறகும் அம்மா பாலாடையில்தான் புகட்டினார். ஃபீடிங் பாட்டிலோ அதை அவிக்கும் சாமான்களோ வாங்கவில்லை.

பெரிய அடி ஏப்ரலில். எட்டு மாதம், தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரே பகலில் ஒன்பது தடவை வயிற்றுப்போக்கு, கூடவே வாந்தி. ஓஆர்எஸ் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம், அதுவும் வெளியே வந்தது. இரவு பத்து மணிக்கு மாற்றப் போனால் டயப்பர் காய்ந்து கிடந்தது. மாலை நான்கு மணிக்குக் கட்டியது. ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, கண் உள்வாங்கியிருந்தது, அழுகையில் சத்தம் இல்லை. உடனே கிளம்பிவிட்டோம். இரண்டு நாள் ட்ரிப், பில் 14,600.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பியிருந்தோம். எங்கள் குடும்ப பாலிசியில் குழந்தையை 90 நாள் ஆனதும் எழுதிக்கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டுமாம். தானாகச் சேராது. நவம்பரில் செய்திருக்க வேண்டியதை புயல் பரபரப்பில் விட்டுவிட்டோம், முழுப் பணமும் கையிலிருந்து போனது. பிறப்புச் சான்றிதழ் வந்த நாளிலேயே பாலிசியை எடுத்துப் படியுங்கள். டிஸ்சார்ஜில் எழுதிய துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பிறகும் நிறுத்தாமல் மொத்தம் பதினான்கு நாள் கொடுத்து முடித்தோம். ஓஆர்எஸ், துத்தநாகம் இரண்டுமே சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள்.

மே மாதம் ஒன்பதாவது மாத ஊசிகள், வைட்டமின் ஏ எல்லாம் அரசில்தான். தனியாரில் நாங்கள் விரும்பிப் போட்டது அரசு அட்டவணையில் இல்லாத ஃப்ளூ இரண்டு தவணை, டைஃபாய்டு ஒன்று, மொத்தம் 5,600. அந்தச் செலவில் எனக்கு வருத்தம் இல்லை. ஆறாவது வாரம் கொடுத்த 9,700-ஐ மட்டும் இன்று என்றால் கொடுத்திருக்க மாட்டேன், அடுத்த புதன்கிழமை வரை காத்திருந்திருப்பேன்.

இப்போது இரண்டாவது மழைக்காலம் வருகிறது. எல் சைஸ் இரண்டே பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். 15,000 ரூபாய் தனிக் கணக்கில் இருக்கிறது, பாலிசியில் அவள் பெயர் ஏறிவிட்டது. பதினாறாவது மாத பூஸ்டர் டிசம்பர் கடைசியில் வரும்.